பகல் குரூப் போட்டோவை இரவாக்கணுமா? முதலில் பல்பு எங்கே என்று முடிவு பண்ணுங்க!

மொட்டை மாடியில் சாயங்காலம் நாலு மணிக்கு எடுத்த குரூப் போட்டோ. எல்லோர் முகமும் தெளிவு, யாரும் கண் மூடவில்லை. ஆனால் பார்ட்டி நடந்தது ராத்திரியில். இதையே இரவு போட்டோவாக மாற்றினால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். எடிட்டிங் ஆப்பைத் திறந்து, வெளிச்சத்தைக் குறைத்து, கொஞ்சம் நீலம் ஏற்றினால் ரெண்டே நிமிஷத்தில் 'இரவு' வந்துவிடும். பிரச்சினை அதற்குப் பிறகுதான். முகங்கள் எல்லாம் சாம்பல் பூசியது போல இருக்கும். சரி, முகத்தை மட்டும் வெளிச்சமாக்கலாம் என்று போனால், ஒவ்வொருவர் கழுத்துக்கு மேலேயும் தனித்தனி டார்ச் அடித்தது போல ஆகிவிடும்.

காரணம் எளிது. பகலில் வெளிச்சம் வானம் முழுவதிலிருந்தும் வருகிறது. இரவில் ஏதோ ஒரு விளக்கிலிருந்து வருகிறது. படத்தை இருட்டாக்குவது பாதி வேலைகூட இல்லை. அந்த விளக்கு எந்த முகத்தில், எந்தப் பக்கம், எவ்வளவு விழும் என்பதைச் சரியாகப் போடுவதுதான் முழு வேலை.

எந்த போட்டோ சரிப்பட்டு வரும்?

மேகமூட்டத்திலோ கட்டட நிழலிலோ எடுத்த படம்தான் வசதி. நேர் வெயிலில் எடுத்த படத்தில் மூக்கு நிழலும் தரையில் விழுந்த நிழலும் சூரியன் இருந்த திசையைக் காட்டிக்கொடுத்துவிடும். என்னதான் இருட்டாக்கினாலும் அந்த நிழல்கள் போகாது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தாலும் அதே கதைதான். ராத்திரியில் யார் அப்படிக் கண்ணைச் சுருக்குவார்கள்?

படம் நல்ல வெளிச்சமாக இருப்பதும் முக்கியம். 2015-ல் வந்த 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு' படத்தின் இரவுக் காட்சிகளைப் பகலில்தான் எடுத்தார்கள். அதுவும் வேண்டுமென்றே வழக்கத்தைவிட அதிக வெளிச்சமாகப் பதிவு செய்து, பிறகு இருட்டாக்கினார்கள். இருட்டான பகுதிகளிலும் புள்ளி புள்ளியாகத் தெரியாமல் விவரங்கள் தெளிவாக இருக்கவே இந்த ஏற்பாடு. நம் போட்டோவுக்கும் இதே விதிதான்.

ஒரு உதாரணம்: ஏழு பேர், ஒரு பல்பு

மாடியில் ஏழு பேர் ஒரே வரிசையில், அரை மீட்டர் இடைவெளியில் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். படத்தின் இடது ஓரத்தில் மாடிப்படி அறையின் சுவர். அதில் ஒரு மஞ்சள் எல்.இ.டி பல்பு. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, வரிசைக்குச் சற்று முன்னால் இருக்கிறது. பகலில் அணைந்திருந்த இந்த பல்பைத்தான் நாம் 'எரிய வைக்க'ப் போகிறோம். முதல் ஆள் முகம் பல்பிலிருந்து 1 மீட்டர். கடைசி ஆள் 4 மீட்டர்.

இதற்கு லேயர் வசதி உள்ள எந்த எடிட்டரும் போதும். போட்டோஷாப் இல்லாதவர்கள் பிரவுசரில் இலவசமாகத் திறக்கும் போட்டோபியாவைப் பயன்படுத்தலாம். முதலில் படத்தை இன்னொரு பிரதி எடுத்து (`Duplicate Layer`) ரெண்டு லேயராக்குங்கள். கீழே இருப்பது இரவு, மேலே இருப்பது விளக்கு.

கீழ் லேயரில் `Curves` திறந்து, வலது மேல் முனைப் புள்ளியை 255-லிருந்து 70 வரை நேராகக் கீழே இழுங்கள். அதே இடத்தில் `Red` சேனலைத் தேர்ந்து அதன் முனையை 200-க்கு இறக்கினால் நீலச் சாயல் தானாக வரும். `Hue/Saturation`-ல் நிற அடர்த்தியை 30 குறைத்தால் இரவு ரெடி. உண்மையில் நிலா வெளிச்சம் என்பது திரும்பி வரும் சூரிய ஒளிதான், நீலம் கிடையாது. மங்கலான வெளிச்சத்தில் நம் கண் சிவப்பைவிட நீலத்தை நன்றாக உணர்வதாலும், சினிமா நம்மைப் பழக்கிவிட்டதாலும்தான் நீலம் இரவாகத் தெரிகிறது. அதனால் லேசாகப் போதும்.

மேல் லேயரின் வெளிச்சத்தைத் தொடவே வேண்டாம். நிறத்தை மட்டும் மாற்றுங்கள்: `Curves`-ல் `Green` முனை 225, `Blue` முனை 170. மஞ்சள் பல்பின் சாயல் கிடைத்துவிடும். பிறகு `Hide All` லேயர் மாஸ்க் போட்டு இதை முழுக்க மறைத்துவிடுங்கள். இனி மென்மையான வெள்ளை பிரஷ்ஷால் எங்கே தடவுகிறோமோ, அங்கே மட்டும் விளக்கு எரியும்.

ஏன் இந்தச் சுற்று வழி? இருட்டாக்கிய படத்தையே மறுபடி வெளிச்சமாக்கக் கூடாது என்பதற்காக. 255 படிகளை 70-க்குள் அடைத்துவிட்டு மீண்டும் இழுத்தால், கன்னத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். இந்த முறையில் வெளிச்சமான இடங்களில் அசல் படமே தெரிகிறது.

எந்த முகத்துக்கு எவ்வளவு?

இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். ஏழு முகத்துக்கும் ஒரே அளவு வெளிச்சம் போட்டுவிடுவார்கள். பல்பிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் பாதியாகாது, நாலில் ஒரு பங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. நான்கு மடங்கானால் பதினாறில் ஒரு பங்கு.

ஆனால் போட்டோ ஃபைலில் உள்ள எண்கள் வெளிச்சத்தோடு நேராக ஏறி இறங்குவதில்லை. வெளிச்சம் நாலில் ஒன்றானால் எண் ஏறத்தாழ பாதியாகத்தான் குறையும். அதையும் கணக்கில் எடுத்தால், நம் உதாரணத்தில் முதல் ஆளுக்கு பிரஷ் 100 சதவீதம், மூன்றாவது ஆளுக்கு (2 மீட்டர்) சுமார் 35, ஐந்தாவது ஆளுக்கு (3 மீட்டர்) சுமார் 13. கடைசி ஆளுக்குக் கணக்குப்படி 1 சதவீதம்தான் வருகிறது. சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தையும் சேர்த்து 5 வைக்கலாம். நடுவில் நிற்பவர்களுக்கு நடுவில் உள்ள அளவு.

'அப்போ கடைசியில நிக்கிறவன் முகமே தெரியாதே?' ஆமாம், தெரியாது. நிஜ இரவு போட்டோவிலும் தெரியாது. அவரும் தெரிய வேண்டும் என்றால் பிரஷ்ஷை அழுத்துவது தீர்வில்லை, விளக்கைத் தள்ளி வைப்பதுதான் தீர்வு. படத்துக்கு வெளியே, தெருவிளக்கு ஒன்று முதல் ஆளிடமிருந்து 4 மீட்டரில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசி ஆளுக்கு 7 மீட்டர். இப்போது இருவருக்கும் உள்ள வித்தியாசம் பதினாறு மடங்கல்ல, மூன்று மடங்குதான். எல்லோரும் தெரிவார்கள், கணக்கும் உதைக்காது.

எந்தப் பக்கம் தடவுவது?

முகம் முழுக்கத் தடவினால் பகல் முகமே திரும்பி வந்துவிடும். பல்பு இடதில் இருப்பதால், நெற்றியின் இடது பாதி, இடது கன்னம், மூக்குத்தண்டின் இடது சரிவு ஆகியவற்றில் மட்டும் வெளிச்சம். மூக்கின் வலது பக்கம், வலது கண்குழி, தாடைக்குக் கீழே எல்லாம் இருட்டாகவே இருக்கட்டும். முதல் ஆளுக்கு பல்பு கிட்டே, உயரத்தில் இருப்பதால் புருவத்தின் நிழல் கண்ணில் விழும். தள்ளி நிற்பவர்களுக்கு வெளிச்சம் கிட்டத்தட்ட பக்கவாட்டிலிருந்தே வரும். நடுவில் ஒருவர் வலப்பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தால், அவருக்கு வெளிச்சம் காதிலும் கன்னத்தின் பின்பகுதியிலும்தான்.

ஒருவர் இன்னொருவருக்கு வரும் வெளிச்சத்தை மறைப்பார் என்பதையும் மறக்க வேண்டாம். முதல் ஆளின் தலை நிழல் இரண்டாவது ஆளின் தோளில் விழும். அந்தத் தோளைத் தடவாமல் விடுங்கள். தரையிலும் பல்பின் வெளிச்சத்தைத் தடவி, ஒவ்வொரு காலிலிருந்தும் வலப்பக்கம் நீளும் நிழலை மட்டும் விட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஏழு பேரும் தரையைத் தொடாமல் மிதப்பார்கள்.

நிறம் மாறக் கூடாது

குரூப்பில் மாநிறம், கறுப்பு, சிவப்பு என எல்லா நிறத்தவரும் இருப்பார்கள். புதிய லேயரில் மஞ்சளையோ வெள்ளையையோ எடுத்து முகத்தின் மேல் பூசினால், எல்லோருக்கும் ஒரே அளவு வெளிச்சம் கூட்டப்படும். கறுப்பு நிறத்தவர் முகம் மாவு பூசியது போல வெளிறிவிடும். நிஜ விளக்கு அப்படிச் செய்யாது. தோல் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புமோ அதே விகிதத்தில்தான் வெளிச்சம் கூடும். மேலே சொன்ன முறையில் பூசுவது எதுவும் இல்லை, அசல் முகம்தான் தெரிகிறது. அதனால் யாருடைய நிறமும் மாறாது. கறுப்பு முகம் இருட்டில் கரைவது போலத் தோன்றினால், அவருக்கு மட்டும் சதவீதத்தை ஏற்றாதீர்கள். அது அவரை வேறு நிறமாக்கிவிடும். நெற்றி, மூக்கு நுனி, கன்ன எலும்பு ஆகிய இடங்களில் படத்தில் ஏற்கெனவே இருக்கும் மினுமினுப்பை அப்படியே தெரியவிட்டால், முக வடிவம் தானாக எழும்பி வரும்.

காட்டிக்கொடுக்கும் கண்கள்

கடைசியாகப் படத்தைப் பெரிதாக்கிக் கண்களைப் பாருங்கள். பகல் போட்டோவில் கருவிழியின் மேல் பாதியில் வானம் பெரிய வெள்ளைத் திட்டாகத் தெரியும். மூக்குக்கண்ணாடியிலும் அப்படியே. ராத்திரியில் அந்த வானம் கிடையாது. சின்ன பிரஷ்ஷால் அதை மங்கலாக்கி, பல்பு இருக்கும் இடது மேல் பக்கத்தில் ஒரே ஒரு மஞ்சள் புள்ளி வையுங்கள். பல்பையும் எரிய விட வேண்டும்: நடுவில் கிட்டத்தட்ட வெள்ளை, சுற்றிலும் மஞ்சள் பரவல், பின்னால் உள்ள சுவரில் படத்திலேயே வெளிச்சமான வட்டம்.

வாட்ஸ்அப்பில் யாராவது இதுபோல ஒரு 'இரவு' போட்டோ அனுப்பினாலும் சோதனை இதேதான். கண்ணில் இருக்கும் புள்ளி, மூக்கு நிழல், தரை நிழல். மூன்றும் ஒரே விளக்கைக் கை காட்டினால் அது இரவு. ஒன்று மட்டும் வேறு பக்கம் காட்டினால், அந்தப் படம் எடுத்த நேரம் வேறு.