விண்ணப்பத்தோடு ஒரு தாள்

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது "முதல் 90 நாட்களில் என்ன செய்வேன்" என்று ஒரு பக்கத்தில் எழுதி இணைப்பவர்கள் உண்டு. மைக்கேல் வொட்கின்ஸ் 2003இல் எழுதிய நூல், புதிய பொறுப்பேற்றவர்களுக்கு அந்த 90 நாட்களை விளக்கியது. இந்தத் தாளோ வேலை கிடைக்குமுன்பே எழுதப்படுகிறது. சிக்கலும் அதுதான்.

என் பெரியும்மாவின் மகள் தாத்தா மாவனல்லையில் ஒரு ஹாட்வெயார் கடையின் இருப்புப் பதிவு வேலைக்கு விண்ணப்பித்தார். "90 நாளில் எல்லாக் கணக்கையும் கணினிக்கு மாற்றுவேன்" என்று முதலில் எழுதினார். "அங்கே ஏற்கெனவே கணினி இருந்தால்?" என்று வாப்பா கேட்டார்.

தாத்தா அந்தக் கடைக்கு ஆணி வாங்கப் போய்ப் பார்த்தார். பற்றுச்சீட்டு கணினியில் வந்தது. இருப்பு மட்டும் கொப்பியில் இருந்தது. வந்து தாளை மாற்றி எழுதினார்.

முதல் 30 நாள்: பொருள் வரும்போது யார், எப்போது பதிகிறார் என்று கற்பேன்.
அடுத்த 30: ஒரு இறாக்கையை மட்டும் வாரந்தோறும் எண்ணி, கொப்பியோடு ஒப்பிடுவேன்.
கடைசி 30: வித்தியாசங்களைப் பட்டியலிட்டு முதலாளியிடம் கொடுத்து, அடுத்ததை அவரோடு தீர்மானிப்பேன்.

அடியில், "இவை வெளியிலிருந்து கண்டவை, உள்ளே வந்தபின் திருத்துவேன்" என்று சேர்த்தார்.

கடையின் பெயரை மாற்றினாலும் தாள் பொருந்துமானால், அது பயனற்றது. வர்த்தமானியில் வரும் அரச வேலைகளுக்கு, கேட்ட படிவத்தை மட்டுமே அனுப்ப வேண்டும்.

நேர்முகத்தில் முதலாளி கேட்ட முதல் கேள்வி, "எந்த இறாக்கை?"