“அண்ணே, உங்க பாலிசியிலே ஒரு விஷயம்...”

வாடிக்கையாளரின் காப்புறுதியில் ஓட்டை இருப்பது தெரிந்தால், அவரைப் பதற வைக்காமலும், தன் மீது பழியை இழுத்துப் போட்டுக்கொள்ளாமலும் ஒரு தரகர் அதை எப்படிச் சொல்வது? நம் கலந்துரையாடலில் அதிக நேரம் பேசப்பட்டது இதுதான்.

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவை லிட்டில் இந்தியா வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். ரேஸ்கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷியர் சாலையும் சேரும் இடத்தில் தனியார் பேருந்து மோதி ஓர் இந்திய ஊழியர் உயிரிழந்தார். பிறகு கலவரம் மூண்டது; ஆம்புலன்சும் போலீஸ் வாகனங்களும் எரிந்தன. கடைக்காரர்களுக்கு அந்த இரவு கற்றுத்தந்த பாடம் ஒன்று உண்டு. சாதாரணத் தீக் காப்புறுதியில் கலவரச் சேதம் தானாக அடங்கிவிடாது. ‘கலவரம், வேலைநிறுத்தம், வேண்டுமென்றே செய்யும் சேதம்’ என்று தனியாகக் கேட்டு, சிறிது கூடுதல் சந்தா கட்டிச் சேர்க்க வேண்டும்.

ஓட்டை விழுவதும் பெரும்பாலும் இங்கேதான். சிராங்கூன் சாலையில் ஒரு சேலைக் கடை என்று வைத்துக்கொள்வோம். சரக்கு 180,000 வெள்ளி. ஜனவரியில் சந்தா குறைவு என்று வேறு நிறுவனத்துக்கு மாற்றுகிறார்கள். பழைய பாலிசியில் இருந்த அந்தச் சேர்க்கை புதியதில் விடுபட்டுவிடுகிறது. மே மாதம் வேறு வேலையாகக் கோப்பைப் புரட்டும்போது தரகர் அதைப் பார்க்கிறார்.

அவர் உடனே கடைக்கு ஓடக்கூடாது. முதலில் இரண்டு பாலிசிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விடுபட்டது அது ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். அடுத்து நிறுவனத்தை அழைத்து, இன்றிலிருந்தே சேர்க்க முடியுமா, எவ்வளவு ஆகும் என்று கேட்க வேண்டும். முன்தேதியிட்டுத் தரும்படி கேட்பது பொய்க்குத் துணை போவது. மூன்றாவதாக, தரகர் தன் தொழில் பொறுப்புக் காப்புறுதி நிறுவனத்துக்குத் தகவல் தர வேண்டும். அவர்கள் சம்மதமில்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளக்கூடாது என்பது அத்தகைய பாலிசிகளில் வழக்கமான நிபந்தனை. ‘என் தப்புதான்’ என்று தரகர் சொல்லத் தயங்குவதற்குக் காரணம் இதுவே. இவை ஒரே நாளில் முடிகிற வேலைகள். பாலிசி புதுப்பிக்கும் காலம் வரை காத்திருப்பதுதான் மிக மோசமான வழி. இடையில் கல்வீச்சு நடந்தால் யார் பதில் சொல்வது?

பிறகு நேரில் போகலாம். போனில் ‘ஒரு பிரச்சினை’ என்று ஆரம்பித்தால் அவருக்கு அன்று தூக்கம் போய்விடும். வரிசை முக்கியம். எது பத்திரமாக இருக்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

“அண்ணே, தீ, திருட்டு இரண்டுக்கும் உங்க கடைக்குப் பாதுகாப்பு அப்படியே இருக்கு. ஆனா ஜனவரியிலேயிருந்து இன்னிக்கு வரைக்கும் கலவரச் சேதம் இதுலே இல்லே. நேத்து கோப்பைப் பார்த்தப்போதான் தெரிஞ்சது. நீங்க சரின்னு சொன்னா இன்னிக்கே சேர்த்துடலாம், செலவு இவ்வளவு. இந்த நாலு மாசத்துலே யாராவது கண்ணாடி உடைச்சாங்களா, அந்த மாதிரி ஏதாச்சும் நடந்துச்சா?”

அந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடக்கூடாது. சேதம் எதுவும் நடக்கவில்லை என்றால் மனம் பாதி அடங்கிவிடும். நடந்திருந்தால் கதையே வேறு. இனி தரகரின் வார்த்தையை மட்டும் நம்ப வேண்டாம், வேறு ஒருவரிடமும் ஆலோசனை கேளுங்கள் என்று அவரே சொல்லிவிட வேண்டும்.

“சரி தம்பி, இது யார் தப்பு?” கடைக்காரர் கேட்கத்தான் செய்வார். நிறுவனத்தின் மேலோ, கம்ப்யூட்டரின் மேலோ பழி போடுவது அசட்டுத்தனம். பின்னால் கோப்பே காட்டிக்கொடுக்கும். “எப்படி விட்டுப்போச்சுன்னு கோப்புகளைப் பார்த்துக்கிட்டு இருக்கோம். தெரிஞ்சதை எழுத்துலே தர்றேன். உங்களுக்குச் சங்கடம் வந்ததுக்கு வருத்தப்படுறேன்” என்றால் போதும். வருத்தம் சொல்வது வேறு, பொறுப்பை ஒப்புக்கொள்வது வேறு. அதற்காக ‘எங்க மேலே தப்பே இல்லே’ என்றும் சொல்லக்கூடாது. அதுவும் தெரியாததைச் சொல்வதுதான்.

இன்னொரு சறுக்கல்: “அந்தக் கூடுதல் சந்தாவை நானே கட்டிடறேன், அண்ணே.” நல்ல மனசுதான். ஆனால் அதையே ஒப்புதலாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. தன் காப்புறுதி நிறுவனத்தைக் கேட்டுவிட்டு வாக்குக் கொடுப்பது நல்லது.

பேசி முடித்த அன்றே ஒரு பக்கக் கடிதம் போக வேண்டும். எந்தத் தேதியிலிருந்து எது இல்லை, எப்போது சேர்க்கப்பட்டது, கடைக்காரர் என்ன சொன்னார் என்பவை மட்டும் அதில் இருந்தால் போதும். கடைக்காரர் வேண்டாம் என்று சொன்னாலும் அதை எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். புதிய பின்சேர்க்கைத் தாள் கைக்கு வந்ததும் தேதியைக் கடைக்காரர் தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளட்டும்.