தாத்தா, ரெண்டு வார்த்தை பேசுங்க!

பேரப்பிள்ளையின் பிறந்தநாளில் யாராவது ஒருவர் தாத்தாவின் கையில் மைக்கைக் கொடுத்து, "ரெண்டு வார்த்தை பேசுங்க" என்பார். பல தாத்தாக்கள் அப்போதுதான் யோசிக்கத் தொடங்குவார்கள். "எங்க காலத்துல கேக் ஏது" என்று ஆரம்பித்தால் பேச்சு அவருடைய வாழ்க்கை வரலாறாகிவிடும். நன்றி சொல்லக் கிளம்பினால் சம்பந்தி பெயர் விட்டுப்போகும். அந்த வருத்தம் அடுத்த விசேஷம் வரை நீளும்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். கூட்டத்தை மறந்துவிட்டு, குழந்தையைப் பார்த்து "நீ" என்று பேசுவது. அந்தப் பிள்ளை செய்ததாக நீங்களே கண்ணால் பார்த்த ஒரே ஒரு காரியத்தைச் சொன்னால் போதும். அதிலிருந்து வாழ்த்து தானாக வந்துவிடும். ஏழு வயதுப் பேத்திக்கு ஒரு தாத்தா இப்படிப் பேசலாம்:

"எல்லாருக்கும் வணக்கம். பாப்பா, இங்க வா, தாத்தா பக்கத்துல நில்லு. எனக்குக் கண் ஆபரேஷன் ஆனப்ப, சொட்டு மருந்து போடுற நேரத்தை நீதான் ஞாபகம் வெச்சிருந்தே. பள்ளிக்கூடப் பையைக்கூடக் கழட்டாம, 'தாத்தா, மணி நாலு'ன்னு ஓடி வருவே. பாட்டி மறந்த நாள்லகூட நீ மறக்கல. அந்த அக்கறை உன்கிட்ட எப்பவும் இருக்கணும். நோய் நொடி இல்லாம, நல்லா வெளையாடி, நல்லாப் படிச்சு, நூறு வருஷம் சந்தோஷமா இருக்கணும் கண்ணு. ரெண்டு தாத்தா, ரெண்டு பாட்டி, எங்க நாலு பேரோட ஆசீர்வாதமும் உனக்கு உண்டு."

நிதானமாகப் பேசினாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கடைசி வரியில் சம்பந்தி வீட்டாரும் சேர்ந்துவிட்டதைக் கவனியுங்கள். "பாட்டி மறந்த நாள்லகூட" என்ற இடத்தில் கூட்டம் சிரிக்கும். அங்கே கொஞ்சம் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வரி யார் காதிலும் விழாது.

மார்க், ரேங்க் பக்கம் போகவே வேண்டாம். மற்றப் பேரப்பிள்ளைகளும் எதிரில்தான் உட்கார்ந்திருப்பார்கள். "பதினாறும் பெற்று" என்பது கல்யாண வாழ்த்து. பழக்கதோஷத்தில் ஏழு வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்லிவிட்டு முழிப்பவர்களும் உண்டு. எழுதி வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் நம் கண்ணாடிக்குத் தெரிகிற அளவுக்குப் பெரிய எழுத்தாக, வாயில் வருகிற பேச்சுத் தமிழிலேயே எழுத வேண்டும். மேடைத் தமிழில் எழுதினால் படிக்கும்போது நாக்கு தடுக்கும்.

நடுவில் தொண்டை அடைத்துக்கொண்டால் சமாளிக்கப் பார்க்க வேண்டாம். மைக்கை மகனிடம் கொடுத்துவிட்டுப் பிள்ளையின் தலையில் கையை வைத்தாலே ஆசீர்வாதம்தான். விபூதி பூசுகிற வீடோ, அட்சதை போடுகிற வீடோ, அதற்கும் கை காலியாக இருக்க வேண்டுமே.

எதுவானாலும் கேக்கில் மெழுகுவத்தி ஏற்றுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். ஏற்றிய பிறகு எந்தப் பிள்ளையும் தாத்தாவைத் திரும்பிப் பார்க்காது.