‘சின்ன கரெக்ஷன்தான் சார்!’
அனிமேஷன் விளம்பரத்தில் திருத்தங்களுக்கு எல்லை போடுவது எப்படி?

ஒரு மஞ்சள் தூள் விளம்பரம். மொத்தம் 20 விநாடி. பாட்டி அடுப்படியில் நின்றுகொண்டு ரசம் தாளிக்கிறாள், வாசனை பிடித்துப் பேரன் ஓடி வருகிறான். படத்தைப் பார்த்த கம்பெனி முதலாளி, “எல்லாம் நல்லா இருக்கு. பாட்டி நிக்காம உட்கார்ந்திருந்தா இன்னும் நல்லா இருக்கும். சின்ன கரெக்ஷன்தானே?” என்கிறார்.

அவர் இதை ஸ்டோரிபோர்டு பார்க்கும்போது சொல்லியிருந்தால் ஓவியருக்கு அரை மணி நேர வேலை. பென்சிலால் வரைந்த நாலு கட்டத்தை அழித்துவிட்டு வேறு நாலு கட்டம் வரைந்திருப்பார். அனிமேஷன் முடிந்த பிறகு சொன்னால் அதே வேலைக்கு மூன்று நாள் ஆகிறது. கேட்டது அதே திருத்தம்தான். கேட்ட நேரம்தான் வேறு. அனிமேஷன் ஸ்டுடியோவுக்கும் விளம்பரம் கொடுப்பவருக்கும் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

ஏன் மூன்று நாள்?

கேமராவில் எடுக்கும் விளம்பரத்தில் ஒரே காட்சியை நாலைந்து தடவை எடுத்து வைத்திருப்பார்கள். ஒன்று பிடிக்காவிட்டால் எடிட்டர் இன்னொன்றை எடுத்து ஒட்டலாம். அனிமேஷனில் அப்படி உபரி எதுவும் கிடையாது. திரையில் தெரிவது மட்டும்தான் உருவாக்கப்பட்டிருக்கும்.

நம் ஊர் தொலைக்காட்சிக்கு விநாடிக்கு 25 ஃபிரேம் கணக்கு. 20 விநாடி என்றால் 500 ஃபிரேம். கையால் வரையும் முறையில் ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால்கூட ஒரு பாத்திரத்துக்கே 250 படம் தேவைப்படும். இன்று பல ஸ்டுடியோக்கள் பாத்திரத்தைத் தலை, கை, முழங்கை, விரல் என்று தனித்தனியாக வரைந்து, மூட்டுகளில் இணைத்து, கம்ப்யூட்டரில் ஆட்டுகின்றன. இதை ‘ரிக்’ என்கிறார்கள். நிற்கும் பாட்டிக்குச் செய்த ரிக்கில் புடவை கீழ்நோக்கித் தொங்கும். அவள் உட்கார வேண்டுமானால் புடவை மடியில் விழுவதையும், முழங்கால் மடங்குவதையும், கொசுவம் தரையில் படர்வதையும் புதிதாக வரைய வேண்டும். பிறகு அந்தக் காட்சியின் அசைவு முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும். அடுப்பின் உயரம் மாறும், கேமராக் கோணம் மாறும், பேரன் ஓடி வந்து கட்டிக்கொள்ளும் இடமும் மாறும்.

புடவை நிறத்தை மாற்றுவது அப்படியல்ல. மென்பொருளில் எல்லாக் காட்சிக்கும் ஒரே வண்ணப் பட்டியலை இணைத்திருந்தால் சில நிமிடத்தில் முடியும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டுமே ‘சின்ன கரெக்ஷன்’தான். எது சின்னது, எது பெரியது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. அதை முன்கூட்டிச் சொல்லிவைப்பதுதான் ஒப்பந்தத்தின் வேலை.

‘மூன்று கரெக்ஷன் இலவசம்’ ஏன் பலிப்பதில்லை?

பல கொட்டேஷன்களில் கடைசி வரியாக ‘மூன்று முறை திருத்தம் இலவசம்’ என்று இருக்கும். பார்க்க நியாயமாகத் தெரியும். நடைமுறையில் இரண்டு ஓட்டை. முதலாவது, அந்த மூன்றையும் எப்போது கேட்கலாம் என்று எழுதியிருக்காது. ஆகவே ஸ்கிரிப்டுக்கும் ஸ்டோரிபோர்டுக்கும் ‘ஓகே, ஓகே’ என்று பதில் போட்டுவிட்டு, படம் முடிந்ததும் மூன்றையும் மொத்தமாகக் கேட்பார்கள். இரண்டாவது, ஒரு முறை என்றால் எவ்வளவு என்று எழுதியிருக்காது. காலையில் முதலாளி வாட்ஸ்அப்பில் ஒன்று சொல்கிறார், மதியம் அவர் மகன் போனில் ஒன்று சொல்கிறார், இரவு மார்க்கெட்டிங் மேனேஜர் மெயிலில் பன்னிரண்டு அனுப்புகிறார். இது ஒரு முறையா, மூன்று முறையா, பதினான்கா?

அனுபவப்பட்ட ஸ்டுடியோக்கள் எண்ணிக்கையைக் கட்டத்துக்குக் கட்டம் பிரித்துவிடுகின்றன. உதாரணமாக ஸ்கிரிப்டுக்கு இரண்டு சுற்று, ஸ்டோரிபோர்டுக்கு இரண்டு, பாத்திர வடிவத்துக்கும் வண்ணத்துக்கும் இரண்டு. அடுத்து வருவது அனிமேட்டிக். அதாவது ஸ்டோரிபோர்டுப் படங்களைக் குரலோடு சேர்த்து, உண்மையான நேரத்துக்கு ஓட்டிக் காட்டுவது. இதற்கு ஒரு சுற்று. அனிமேஷனுக்கு ஒரு சுற்று. கடைசிப் படத்துக்கு ஒரு சுற்று, அதுவும் நிறம், எழுத்து, ஒலி அளவு ஆகியவற்றுக்கு மட்டும். ஒவ்வொரு கட்டமும் எழுத்தில் ‘சரி’ என்று வந்த பிறகே பூட்டப்படும். பூட்டியதைத் திறந்தால் அது திருத்தக் கணக்கில் வராது, புது வேலை.

சுற்று என்றால் என்ன என்பதற்கும் ஒரு வாக்கியம் வேண்டும். கம்பெனி சார்பில் பெயர் குறிப்பிட்ட ஒருவர், எல்லாருடைய கருத்தையும் தொகுத்து, எந்த விநாடியில் என்ன மாற்றம் என்று எழுதி அனுப்பும் ஒரே பட்டியல்தான் ஒரு சுற்று. முதலாளி மஞ்சள் பின்னணி கேட்டு, மகன் பச்சை கேட்டால், எது என்று அவர்கள் வீட்டில் முடிவான பிறகே பட்டியல் ஸ்டுடியோவுக்கு வரவேண்டும். இந்த ஒரு வாக்கியம், சுற்றுகளின் எண்ணிக்கையைவிட அதிகமான சச்சரவுகளைத் தடுக்கும்.

ஒரு பட்டியலைப் பிரித்துப் பார்ப்போம்

அந்த மஞ்சள் தூள் விளம்பரத்துக்குக் கட்டணம் இரண்டு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 40 சதவீதம் அட்வான்ஸ், அனிமேட்டிக் பூட்டியதும் 30, கடைசி ஃபைல் கொடுக்கும் முன் 30. கூடுதல் வேலைக்கு நாளொன்றுக்கு 6,000 ரூபாய் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. அனிமேஷன் கட்டத்தில் ஏழு அம்சங்களோடு ஒரு பட்டியல் வருகிறது.

1. 4ஆவது விநாடி: பாட்டியின் மூக்குத்தி ஒரு ஷாட்டில் வலப்பக்கம், அடுத்த ஷாட்டில் இடப்பக்கம்.
2. 7ஆவது விநாடி: திரையில் ‘மணம்’ என்பதற்குப் பதில் ‘மனம்’.
3. 9ஆவது விநாடி: பேரன் ஓடி வரும் வேகம் போதவில்லை.
4. 11ஆவது விநாடி: தூளின் நிறம் இன்னும் அடர்த்தியாக வேண்டும்.
5. 13ஆவது விநாடி: பாட்டி உட்காரட்டும்.
6. 17ஆவது விநாடி: பாக்கெட் டிசைன் மாறிவிட்டது, புதிய லேபிள் போடவும்.
7. குரல்: ‘சுத்தமான மஞ்சள்’ என்பதை ‘நூறு சதவீதம் சுத்தமான மஞ்சள்’ என்று மாற்றவும்.

முதலாவது ஸ்டுடியோவின் பிழை. ஸ்டுடியோ தன் பிழையைத் திருத்துவது எந்தச் சுற்றிலும் சேராது, காசும் கிடையாது. இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் கம்பெனிக்கும் நம்பிக்கை வரும். இரண்டாவதற்குப் பூட்டிய ஸ்கிரிப்டை எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் ‘மணம்’ என்று இருந்தால் ஸ்டுடியோ பிழை. ‘மனம்’ என்றே கம்பெனி கையெழுத்திட்டிருந்தால் அது அவர்கள் சுற்றில் போகும். மூன்றும் நான்கும் அந்தக் கட்டத்துக்கே உரிய திருத்தங்கள், அனுமதித்த சுற்றுக்குள் அடங்கும்.

ஐந்தாவது, பூட்டிய ஸ்டோரிபோர்டைத் திறக்கச் சொல்கிறது. மூன்று நாள், 18,000 ரூபாய். ஆறாவதில் குறை யார்மேலும் இல்லை, ஆனால் மாறியது கம்பெனியின் பொருள். அரை நாள், 3,000 ரூபாய். பாக்கெட்டை விரல்கள் மறைக்கும் ஷாட் மட்டும் கொஞ்சம் வேலை வாங்கும்.

ஏழாவதுதான் பட்டியலில் ஆழம் தெரியாத கேள்வி. குரல் கலைஞரை மறுபடி அழைத்து ஒலிப்பதிவு செய்ய வேண்டும். பாத்திரம் பேசும் வசனமாக இருந்தால் வாயசைவும் மாறும். இங்கே பேசுவது திரைக்கு வெளியே உள்ள குரல் என்பதால் அந்தச் செலவு இல்லை. ஆனால் இரண்டு சொல் கூடினால் ஏறக்குறைய ஒரு விநாடி கூடும். 20 விநாடிக்கு வாங்கிய விளம்பர நேரத்தில் 21 விநாடி படம் ஓடாது, வேறெங்காவது வெட்டியாக வேண்டும். கூடவே, இந்தியாவின் விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் விதிகளின்படி இப்படிப்பட்ட உரிமைகோரலுக்குக் கையில் ஆதாரம் இருக்க வேண்டும். ஆகவே பொருளைப் பற்றிய கூற்றுகளுக்குக் கம்பெனியே பொறுப்பு என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் அவசியம். ஒலிப்பதிவும் எடிட்டிங்கும் சேர்த்து 7,000 ரூபாய் என்று வைப்போம்.

ஆக, கூடுதல் 28,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. ஒப்படைக்கும் தேதி நாலு நாள் தள்ளும். ஸ்டுடியோ இதை எழுதி அனுப்பி, பதில் வந்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். செய்து முடித்துவிட்டுப் பில்லில் சேர்த்தால் சண்டை உறுதி. விலையைப் பார்த்ததும் பொதுவாக என்ன நடக்கும்? பாட்டி நின்றுகொண்டே இருப்பாள். லேபிள் மாறும், ஏனென்றால் பழைய பாக்கெட்டைக் காட்டி விற்க முடியாது. குரலைப் பற்றி வக்கீலிடமோ தரக் கட்டுப்பாட்டு ஆளிடமோ கேட்டுச் சொல்வார்கள். முக்கியமானது எது, தோன்றியதால் கேட்டது எது என்பதை விலைச்சீட்டே பிரித்துக் கொடுத்துவிடும்.

பதிலே வராவிட்டால்?

‘மூன்று நாளில் பதில் இல்லையென்றால் சம்மதமாகக் கொள்ளப்படும்’ என்று சிலர் எழுதுகிறார்கள். காகிதத்தில் பலமாகத் தெரியும். ஆனால் முதலாளி வெளியூரில் இருந்தபோது பூட்டப்பட்ட ஸ்டோரிபோர்டை அவர் ஒருநாளும் தன்னுடையதாக ஏற்க மாட்டார். அதைவிட, பதில் எத்தனை நாள் தாமதமோ அத்தனை நாள் ஒப்படைக்கும் தேதியும் தள்ளும் என்று எழுதுவது நல்லது. ஒரு மாதம் வரை பதிலே இல்லையென்றால் அதுவரை முடிந்த கட்டங்களுக்குப் பணம் தரவேண்டும் என்றும் சேர்க்கலாம். பொங்கலுக்கு விளம்பரம் ஓடியாக வேண்டும் என்றால் பதில் தானாக வந்துவிடும்.

சம்மதம் மெயிலில் வந்தாலே போதும். மின்னணு வழியில் உருவான ஒப்பந்தம் செல்லும் என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு. ஆனால் காப்புரிமை விஷயத்தில் ஸ்டுடியோக்கள் கவனமாக இருக்க வேண்டும். 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்துத் தனக்காகச் செய்யச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், அவரே முதல் உரிமையாளர். கடைசித் தவணை வரும்வரை உரிமை தன்னிடமே இருக்க வேண்டும் என்று ஸ்டுடியோ விரும்பினால் அதை எழுதியே ஆகவேண்டும்.

எல்லை போடுவது ஒரு பக்கம், அதைக் காட்டுவது இன்னொரு பக்கம். அனிமேட்டிக்கில் வண்ணம் இருக்காது, அசைவு இருக்காது, பார்க்கச் சப்பென்று இருக்கும். லிங்க்கை அனுப்பிவிட்டு ‘ஓகேவா சார்?’ என்று கேட்டால் பாதி பார்த்துவிட்டு ஓகே போடுவார்கள். எதிரில் உட்கார்ந்து ஓட்டிக் காட்டி, “பாட்டி நிற்கிறாள், வசனம் இது, பாக்கெட் இங்கே வருகிறது. இதற்குப் பிறகு இவற்றை மாற்றினால் தனிக் கட்டணம்” என்று வாயால் சொல்ல வேண்டும். ‘பாட்டி உட்காரட்டும்’ என்ற யோசனை அங்கே வந்தால் செலவு மிகக் குறைவு.

சில சமயம் நல்ல வாடிக்கையாளருக்காகக் கூடுதல் திருத்தத்தைச் சும்மாவே செய்து கொடுக்கத் தோன்றும். செய்யலாம். ஆனால் பில்லில் ‘லேபிள் மாற்றம் 3,000’ என்று எழுதி, அடுத்த வரியில் ‘தள்ளுபடி 3,000’ என்று கழிக்க வேண்டும். எழுதாமல் விட்டால் அடுத்த விளம்பரத்தில் அதுவே வழக்கமாகிவிடும்.

விளம்பரம் கொடுக்கப் போகிறவருக்கும் ஒரு வார்த்தை. ‘எத்தனை கரெக்ஷன் வேண்டுமானாலும் செய்து தருகிறோம்’ என்று ஒரு ஸ்டுடியோ சொன்னால், அந்தச் செலவு ஏற்கெனவே விலையில் ஏற்றப்பட்டிருக்கிறது, அல்லது நாலாவது திருத்தத்தில் ஆள் மாறி வேலையின் தரம் இறங்கப் போகிறது. எந்தெந்தக் கட்டத்தில் பூட்டுவீர்கள், பூட்டியதைத் திறந்தால் எவ்வளவு என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்பவரிடம் வேலையைக் கொடுங்கள்.