முதலில் குரல், பிறகு கோடு

வெள்ளைப் பலகையில் ஒரு கை வேகமாகப் படம் வரைகிறது, பின்னணியில் ஒரு குரல் கதை சொல்கிறது. சிறு நிறுவனங்கள் இன்று ஆசையோடு கேட்கும் விளம்பர வடிவம் இது. இதன் முன்னோடிகளில் ஒரு தம்பதி உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சேர்ந்த லீ, சச்சி லெஃபீவர் இருவரும் 2007-இல் 'காமன் கிராஃப்ட்' என்ற பெயரில், வெள்ளைப் பலகைமேல் காகித உருவங்களை நகர்த்தி, இணைய நுட்பங்களை விளக்கினார்கள். 2009-இல் டிராப்பாக்ஸ் நிறுவனம் தன் சேவையைப் புரியவைக்க அவர்களைத்தான் நாடியது. பிறகு வந்த 'வீடியோஸ்கிரைப்' போன்ற மென்பொருள்கள் வரையும் கையைக் கணினிக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டன.

வேலை எப்படி நடக்கிறது என்பதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். கோயம்புத்தூரில் ஒரு சிறு நிறுவனம், வயல் மோட்டாரைச் செல்போனிலிருந்தே இயக்கும் ஸ்டார்ட்டரைத் தயாரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாளி கொண்டுவரும் குறிப்பில் நிறுவனத்தின் வரலாறு, வாரண்டி, சான்றிதழ்கள் என்று எல்லாம் இருக்கும். விவசாயிக்கு வேண்டியது ஒன்றுதான்: நள்ளிரவில் கரண்ட் வந்தால் டார்ச்சோடு வயலுக்கு ஓட வேண்டாம். அந்த ஒன்றைச் சுற்றித்தான் ஸ்கிரிப்ட் எழுத வேண்டும்.

இங்கே தமிழுக்கென்று ஒரு கணக்கு உண்டு. ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 150 சொற்கள் என்பார்கள். 'ஓடிக்கொண்டிருக்கிறது' என்பது நமக்கு ஒரே சொல். அதனால் தமிழில் நிமிடத்துக்குச் சுமார் 100 சொற்களே நிதானமாகக் காதில் விழும். ஒன்றரை நிமிட வீடியோவுக்கு 150 சொற்கள் போதும். இதை மறந்து ஆங்கில ஸ்கிரிப்டை மொழிபெயர்த்தால், குரல் கொடுப்பவர் மூச்சுவிடாமல் ஓட வேண்டியிருக்கும்.

ஸ்கிரிப்ட் இரண்டு பத்தியாக இருக்கும்: இடப்பக்கம் பேச்சு, வலப்பக்கம் அதற்கான படம். இதைச் செல்போனில் வாசித்துப் பதிவுசெய்து முதலாளிக்கு அனுப்பி, 'சரி' என்ற பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே குரல் கலைஞரை அழைக்க வேண்டும். ஒவ்வொரு படமும் எத்தனை நொடி நிற்கும் என்பதைக் குரல்தான் தீர்மானிக்கிறது. வரைந்து முடித்தபின் ஒரு வாக்கியம் மாறினால், மறுபதிவு மட்டும் போதாது, அதற்குப் பின்னால் வரும் காட்சிகளின் நேரமும் நகரும். விலையைக் குரலில் சொல்லவே கூடாது என்பதும் இதனால்தான். அது கடைசிக் காட்சியில் எழுத்தாக வந்தால் போதும்.

வரைவதில் இரண்டு இடங்களில் சறுக்கும். மென்பொருளின் கை, படக் கோப்பில் உள்ள கோடுகளைப் பின்தொடர்கிறது. கோடே இல்லாமல் வண்ணத் திட்டுகளாக இருக்கும் படத்தைப் போட்டால், கை எங்கெங்கோ தாவிக் கிறுக்கும். அப்படித் தெரிந்தால், அந்தப் படத்தின்மேல் பேனாக் கருவியால் கோடு போட்டு மாற்ற வேண்டும்.

இன்னொன்று தமிழ் எழுத்து. சில மென்பொருள்களில் 'மோட்டார்' என்று அடித்தால் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கும். 'இங்க்ஸ்கேப்' போன்ற வரைகலை மென்பொருளில் அந்தச் சொல்லை உருவமாக மாற்றி, SVG கோப்பாக உள்ளே கொண்டுவருவதுதான் வழி.

விலையை நொடிக் கணக்கில் மட்டும் சொல்பவர்கள் நஷ்டப்படுவார்கள். மேற்சொன்ன வீடியோவுக்கு ஸ்கிரிப்ட் 2 நாள், காட்சிப் படங்கள் 2 நாள், வரைதலும் அசைவும் 4 நாள் ஆகிறது. நாள் கூலி 2,500 ரூபாய் என்று கொண்டால் 20,000 ரூபாய். குரலுக்கு 4,000, உரிமம் பெற்ற இசைக்கு 1,500 சேர்த்தால் 25,500. பாதியை முன்பணமாக வாங்கலாம். இரண்டு முறை திருத்தம் இந்த விலைக்குள் அடங்கும். ஒப்புக்கொண்ட ஸ்கிரிப்டை மாற்றினால் தனிக் கட்டணம் என்பதை முதல் நாளே எழுதிவிட வேண்டும்.

ஒப்படைக்கும்போது யூடியூபுக்கு 1920×1080 அளவில் ஒரு MP4, செல்போன் திரைக்கு நெட்டுவாக்கில் இன்னொன்று. அகலப் படத்தின் ஓரங்களை வெட்டி நெட்டுப்படம் ஆக்க முடியாது. விவசாயி ஒரு பக்கமும் மோட்டார் மறுபக்கமும் இருந்தால் ஒருவர் காணாமல் போவார். காட்சிகளை மறுபடி அடுக்க வேண்டும் என்பதால், அதையும் விலை பேசும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் மெல்லிய கோடுகள் மங்கும். டாக்குமெண்டாக அனுப்பினால் தரம் குறையாது.

மீதிப் பணம் வரும்வரை வாட்டர்மார்க்கோடு ஒரு பிரதி, வந்தபின் சுத்தமான பிரதி. அடுத்த ஆண்டு ஸ்டார்ட்டரின் விலை ஏறினால், மாற்ற வேண்டியது அந்தக் கடைசிக் காட்சியை மட்டும்தான். அரை மணி நேர வேலை.