பிட்ச் கைவிட்டுப் போன பிறகு எழுதும் மின்னஞ்சல்

சென்னையில் ஒரு விளம்பர நிறுவனம், சமையல் எண்ணெய் கம்பெனி ஒன்றின் விளம்பர வேலைக்காக மூன்று நிறுவனங்களோடு போட்டியிட்டுத் தோற்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வாரம் கண்விழித்த குழுவுக்குத் தலைவர் என்ன எழுதுவார்? “எல்லோரும் நன்றாக உழைத்தீர்கள், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்” என்று எழுதினால் யாருக்கும் வருத்தமில்லை. எதுவும் மாறப்போவதும் இல்லை.

அமெரிக்க ராணுவம் 1970களிலிருந்து பயிற்சி முடிந்ததும் நான்கு கேள்விகளைக் கேட்டு வருகிறது. என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தோம், என்ன நடந்தது, ஏன் அப்படி நடந்தது, இனி என்ன செய்யப் போகிறோம்? ‘ஆஃப்டர் ஆக்‌ஷன் ரிவியூ’ எனப்படும் இந்த முறை பின்னர் அலுவலகங்களுக்கும் வந்தது. தோல்வி மின்னஞ்சலுக்கும் இதே வரிசை பொருந்தும்.

முதலில் வாடிக்கையாளரிடமே காரணம் கேட்க வேண்டும். அமெரிக்க அரசின் பெரிய ஒப்பந்தங்களில், தோற்றவர்கள் முடிவு தெரிந்த மூன்று நாளுக்குள் எழுதிக் கேட்டால் விளக்கம் தர வேண்டும் என்று விதியே இருக்கிறது. தனியார் கம்பெனிகளில் அப்படி விதி இல்லாததால், போன் செய்துதான் கேட்க வேண்டும். எண்ணெய் கம்பெனிக்காரர் சொல்கிறார்: “படம் பிடித்திருந்தது. ஆனால் மாவட்ட டீலர்களுக்கு என்ன செய்வீர்கள் என்பது கடைசிவரை புரியவில்லை.”

சிக்கல் ‘ஏன்’ என்பதை எழுதும்போதுதான் வரும். “டீலர் திட்டத்தை கார்த்திக் அவசர அவசரமாக முடித்தார்” என்று எழுதினால் கார்த்திக் அடுத்த முறை வாயே திறக்க மாட்டார். “சில குறைகள் நேர்ந்துவிட்டன” என்று மழுப்பினால் எந்தக் குறை என்று யாருக்கும் தெரியாது. பெயரைத் தவிர்க்கலாம், நடந்ததைத் தவிர்க்கக் கூடாது: “45 நிமிடத்தில் 35 நிமிடம் படத்துக்கே போய்விட்டது. டீலர் பகுதியைக் கடைசி ஸ்லைடுகளில் வைக்கும் முடிவை நான்தான் ஒப்புக்கொண்டேன். முழு ஒத்திகையும் பார்க்கவில்லை.” தன் முடிவைத் தலைவரே முதலில் சொல்லிவிட்டால், மற்றவர்களுக்குத் தங்கள் பங்கைச் சொல்லும் தயக்கம் குறையும்.

அடுத்தது மாற்றங்கள். “தகவல் தொடர்பை மேம்படுத்துவோம்” என்பது மாற்றமே அல்ல. அதை யார், எப்போது செய்வார் என்று கேட்டால் பதில் கிடைக்காது. “இனி வாடிக்கையாளர் தந்த பிரீஃபில் உள்ள கேள்விகளின் வரிசையிலேயே ஸ்லைடுகள் இருக்கும், பிளானிங் தலைவர் சரிபார்ப்பார். பிட்ச்சுக்கு இரண்டு நாள் முன்பு, வேலையில் சேராத ஒருவர் முன்னால் கடிகாரம் வைத்து ஒத்திகை.” இப்படி இரண்டு மூன்று போதும். பத்து எழுதினால் ஒன்றும் நடக்காது.

சில தோல்விகளுக்கு மாற்ற வேண்டியது எதுவும் இருக்காது. பழைய ஏஜென்சியையே வைத்துக்கொள்ள வாடிக்கையாளர் முன்பே முடிவெடுத்திருக்கலாம். விலைக்காகவே வேறொருவரைத் தேர்ந்திருக்கலாம். அதற்குச் சான்று இருந்தால் அதையும் மின்னஞ்சலில் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால், நன்றாக ஓடிய படத்தையே குழு தேவையில்லாமல் மாற்றத் தொடங்கிவிடும்.