எண்ணினால் சிக்கும் நட்சத்திரங்கள்

நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் நகரில் 2003ல் உலகப் புதிர்ப் போட்டி நடந்தது. ஹான்ஸ் ஈண்டெபாக் என்பவர் அதற்காக உருவாக்கிய புதிருக்கு ஸ்டார் பேட்டில் என்று பெயர். அமெரிக்காவின் நியூயார்க் டைம்ஸ் இதை ‘டூ நாட் டச்’ என்ற பெயரில் அச்சிடுகிறது.

சதுரக் கட்டம் ஒன்று பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எளிய வகையில் ஒவ்வொரு வரிசையிலும், ஒவ்வொரு நெடுவரிசையிலும், ஒவ்வொரு பகுதியிலும் ஒரே ஒரு நட்சத்திரம் வர வேண்டும். எந்த இரண்டு நட்சத்திரங்களும் தொட்டுக்கொள்ளக் கூடாது. மூலைக்கு மூலை தொடுவதும் தொடுவதுதான். சுடோகுவைப் போல இதில் எண்களே கிடையாது. பகுதிகளின் வடிவம் ஒன்றுதான் துப்பு.

புதிதாக வருபவர்கள் முதல் நட்சத்திரத்தை எங்கே வைக்கலாம் என்று தேடுவார்கள். அனுபவசாலிகள் எங்கே வைக்க முடியாது என்று பார்த்து, அந்தக் கட்டங்களில் புள்ளி வைத்துக்கொண்டே போவார்கள். இந்தச் சிறிய புதிரில் அதைச் செய்து பார்ப்போம். ஒரே எழுத்துள்ள கட்டங்கள் ஒரே பகுதி.

```
க க ச ச ட
க க ச ச ட
த த ப ப ட
ப ப ப ப ட
ப ப ட ட ட
```

‘க’, ‘ச’ இரண்டும் முதல் இரண்டு வரிசைகளைத் தாண்டவில்லை. அவற்றின் இரண்டு நட்சத்திரங்களும் அங்கேயே விழுந்தாக வேண்டும். அந்த இரண்டு வரிசைகளுக்கு இடமும் இரண்டுதான். எனவே ‘ட’ அங்கே நுழைய முடியாது. அதன் மேல் இரண்டு கட்டங்களிலும் புள்ளி. ‘த’ முழுவதும் மூன்றாம் வரிசையில் இருப்பதால் அந்த வரிசை ‘த’வுக்கே சொந்தம். அங்கே ‘ப’வின் இரண்டு கட்டங்களும் ‘ட’வின் ஒரு கட்டமும் போயின.

இதையே கீழிருந்தும் பார்க்கலாம். கடைசி இரண்டு வரிசைகளில் ‘ப’, ‘ட’ தவிர வேறு எழுத்தே இல்லை. அங்கே வர வேண்டிய இரண்டு நட்சத்திரங்களையும் இவை இரண்டும்தான் தர வேண்டும். அப்படியானால் மேலே நீண்டிருக்கும் இவற்றின் ஐந்து கட்டங்களும் ஒரே வீச்சில் அடிபடுகின்றன. மேலே பார்த்தது பகுதிகள் வரிசைக்குள் அடங்கும் கணக்கு. இது வரிசைகள் பகுதிக்குள் அடங்கும் கணக்கு. இந்த இரண்டாவதைப் பலர் தேடுவதே இல்லை. பெரிய புதிர்களில் சிக்கி நிற்கும்போது வழி திறப்பது பெரும்பாலும் இதுதான்.

இனி நெடுவரிசைகள். ‘க’, ‘த’ இரண்டும் இடப்பக்க இரண்டு நெடுவரிசைகளில் அடங்குகின்றன. ஆகவே அங்கே ‘ப’வுக்கு இடமில்லை. ‘ப’வுக்கு மிஞ்சுவது நான்காம் வரிசையில் நடுக்கட்டமும் அதன் வலப்பக்கக் கட்டமும். இரண்டில் எது என்று தெரியாவிட்டாலும் நான்காம் வரிசை ‘ப’வுக்குப் போய்விட்டது, ‘ட’ கடைசி வரிசைக்குத் தள்ளப்படுகிறது. அங்கே ‘ட’வுக்கு மூன்று கட்டங்கள். அவற்றில் முதல் இரண்டும் ‘ப’வின் இரண்டு வாய்ப்புகளையுமே தொடுகின்றன. ஆகவே ‘ட’வின் நட்சத்திரம் வலக்கோடிக் கட்டத்தில். முதல் நட்சத்திரம் விழுவது இங்கேதான்.

அதன் பிறகு தொடக்கூடாது என்ற விதியே இழுத்துக்கொண்டு போகும். ‘ட’வைத் தொடாமல் இருக்க ‘ப’ நடுக்கட்டத்தில் நிற்கும். ‘ப’வைத் தொடாமல் இருக்க ‘த’ இடக்கோடிக்கு ஒதுங்கும். முதல் நெடுவரிசை நிரம்பிவிட்டதால் ‘க’ இரண்டாம் நெடுவரிசைக்கு வரும். ‘த’வைத் தொடாமல் இருக்க அங்கே முதல் வரிசையில் நிற்கும். ‘ச’வுக்கு மிஞ்சுவது இரண்டாம் வரிசையின் நான்காம் கட்டம். எந்த இடத்திலும் ஊகம் தேவைப்படவில்லை.

பிழை வருவது பெரும்பாலும் எண்ணும் இடத்தில். ஒரு பகுதியின் ஒரே ஒரு கட்டம் மூன்றாம் வரிசைக்கு நீண்டிருந்தாலும், அந்தக் கட்டத்தில் புள்ளி விழும்வரை அதை மேல் வரிசைகளின் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவசரத்தில் சேர்த்துவிட்டால் உடனே தெரியாது. வெகுநேரம் கழித்து ஏதோ ஒரு வரிசை முழுவதும் புள்ளியாகி, நட்சத்திரத்துக்கு இடமில்லாமல் நிற்கும். பிழை அந்த வரிசையில் இருக்காது. வைத்த புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிச் சரிபார்ப்பதே வழி.

நாளிதழ்களில் வழக்கமாக வருவது பத்துக்குப் பத்துக் கட்டம். வரிசைக்கும் பகுதிக்கும் இரண்டு நட்சத்திரங்கள். கணக்கு அதேதான்: இரண்டு வரிசைக்கு நான்கு நட்சத்திரம், இரண்டு பகுதிக்கும் நான்கு. கூடவே இன்னொரு கருவியும் கிடைக்கிறது. இரண்டுக்கு இரண்டு சதுரத்தில் எந்தக் கட்டமும் மற்ற மூன்றையும் தொடும். அதனால் அதற்குள் ஒரு நட்சத்திரத்துக்கு மேல் வராது. ஒரு பகுதியை இப்படிப்பட்ட இரண்டு சதுரங்களுக்குள் அடக்க முடிந்தால், ஒவ்வொரு சதுரத்திலும் சரியாக ஒரு நட்சத்திரம் உண்டு. பகுதியே ஒரே வரிசையில் மூன்று கட்டங்கள் என்றால் நட்சத்திரங்கள் இரு முனைகளில்தான்; அந்த வரிசையின் மற்ற எல்லாக் கட்டங்களுக்கும் அப்போதே புள்ளி வைத்துவிடலாம்.